இரு மடங்குக்கு இரண்டு விடை

குவிலென்ஸின் குவியத் தொலைவு 10 செ.மீ. பொருளைப் போல இரு மடங்கு பெரிய பிம்பம் வேண்டும். பொருளை எங்கே வைக்க வேண்டும்?

பத்தாம் வகுப்பு இயற்பியல் பயிற்சித்தாளின் கடைசிப் பக்கத்தில் இப்படி ஒரு கேள்வி பதுங்கியிருக்கும். அதுவரை எல்லாம் சுலபமாகவே போயிருக்கும். ‘பொருள் 2F-க்கு அப்பால்’, ‘பொருள் 2F-இல்’, ‘பொருள் F-க்கும் 2F-க்கும் இடையில்’ என்று ஆறு வரிசை கொண்ட அட்டவணை. பக்கத்தில் பிம்பத்தின் இடம், அளவு, தன்மை என்று காலிக் கட்டங்கள். பிள்ளைகள் அதைப் பெருக்கல் வாய்ப்பாடு போல நெட்டுருப் போட்டு வைத்திருப்பார்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் அட்டவணையில் நேராக விடை இல்லை. கொஞ்சம் கணக்குப் போட்டு ‘15 செ.மீ.’ என்று எழுதிவிட்டு எழுந்துவிடுகிறவர்கள் பலர். விடை சரிதான், ஆனால் பாதிதான். பொருளை 5 செ.மீ. தொலைவில் வைத்தாலும் பிம்பம் இரு மடங்காகத்தான் தெரியும். ஒன்று தலைகீழாக நிற்கும், மற்றொன்று நேராக நிற்கும். ஒன்றை வெள்ளைத்தாளில் பிடிக்கலாம், மற்றொன்றை எந்தத் தாளிலும் பிடிக்க முடியாது.

ஒரே லென்ஸ் இப்படி இரண்டு விதமாக நடந்துகொள்வது ஏன் என்பது அட்டவணையைப் பார்த்தால் தெரியாது. பென்சிலும் ஸ்கேலும் எடுத்து இரண்டு கோடு போட்டால் தெரிந்துவிடும்.

கோடு போடுவதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கதிர்ப்படத்தில் பொருளை மேல்நோக்கிய அம்புக்குறியாக வரைகிறோம். அதன் நுனியிலிருந்து ஒளி எல்லாத் திசையிலும் கிளம்புகிறது. அதில் லென்ஸின் மேல் விழும் கதிர்களை எண்ணி முடியாது. அத்தனையும் லென்ஸைக் கடந்து மறுபுறம் ஒரே புள்ளியில் கூடுகின்றன. அந்தப் புள்ளிதான் நுனியின் பிம்பம். எல்லாக் கதிரும் ஒரே இடத்துக்குத்தான் போகும் என்றால், இடத்தைக் கண்டுபிடிக்க எல்லாவற்றையும் துரத்த வேண்டியதில்லை. போகும் வழி நமக்கு முன்கூட்டியே தெரிந்த இரண்டு கதிர்கள் போதும்.

குவிலென்ஸுக்கு அப்படித் தெரிந்த கதிர்கள் மூன்று. முதன்மை அச்சுக்கு இணையாக வரும் கதிர் லென்ஸைக் கடந்ததும் மறுபுறம் உள்ள F வழியாகப் போகும். லென்ஸின் ஒளியியல் மையத்தைத் தொடும் கதிர் வளையாமல் நேராகப் போகும். அந்த இடத்தில் லென்ஸின் இரு முகங்களும் ஒன்றுக்கொன்று இணையாக இருப்பதால் ஜன்னல் கண்ணாடியைக் கடப்பதுபோல அது கடந்துவிடுகிறது. இந்தப் பக்கத்து F வழியாக வந்து லென்ஸில் படும் கதிர் மறுபுறம் அச்சுக்கு இணையாக வெளியேறும். முதல் இரண்டு வரைவதற்கு, மூன்றாவது சரிபார்ப்பதற்கு என்று வைத்துக்கொண்டால் தப்பு நடந்த இடம் உடனே தெரிந்துவிடும்.

இப்போது 15 செ.மீ. கேள்வியை வரைந்து பார்க்கலாம். கிராஃப் தாளின் குறுக்கே ஒரு கோடு, அது அச்சு. நடுவில் செங்குத்தாக ஒரு கோடு, அதுதான் லென்ஸ். அழகுக்காக அதைச் சுற்றி லென்ஸின் வடிவத்தை வரைந்துகொள்ளலாம். ஆனால் கதிர் வளைய வேண்டியது அந்த நடுக்கோட்டில்தான். கண்ணாடியின் முன்விளிம்பில் ஒரு முறை, பின்விளிம்பில் ஒரு முறை என்று வளைத்து வரைகிறவர்களுக்கு விடை சில மில்லிமீட்டர் தள்ளிப்போகும். அச்சின் வழியே தாளில் 1 செ.மீ. என்றால் உண்மையில் 5 செ.மீ. என்று அளவுத்திட்டம் வைத்தால், லென்ஸின் இருபுறமும் 2 செ.மீ.யில் F, 4 செ.மீ.யில் 2F. பொருள் இடப்பக்கம் 3 செ.மீ.யில் நிற்கும். அதன் உயரத்தை 2 செ.மீ. என்று வரையலாம். உயரத்துக்குத் தனி அளவுத்திட்டம் வைத்தாலும் பிம்பத்தின் இடம் மாறாது.

நுனியிலிருந்து அச்சுக்கு இணையாக ஒரு கோடு. லென்ஸ் கோட்டைத் தொட்டதும் அங்கிருந்து வலப்பக்க F வழியாகக் கீழே இறங்கும். அதே நுனியிலிருந்து லென்ஸின் நடுப்புள்ளி வழியாக இன்னொரு கோடு. இரண்டும் வலப்பக்கம் 6 செ.மீ.யில், அச்சுக்கு 4 செ.மீ. கீழே வெட்டிக்கொள்ளும். அளவுத்திட்டப்படி அது லென்ஸிலிருந்து 30 செ.மீ. பொருளின் உயரம் 2 செ.மீ., பிம்பத்தின் உயரம் 4 செ.மீ., அதாவது இரு மடங்கு. மூன்றாவது கதிரையும் போட்டுப் பார்க்கலாம். இடப்பக்க F வழியாக இறங்கி, அச்சுக்கு 4 செ.மீ. கீழே லென்ஸ் கோட்டைத் தொட்டு, அங்கிருந்து அச்சுக்கு இணையாகப் போய் அதே புள்ளியில் சேர்ந்துகொள்ளும்.

மூன்று கோடுகளும் உண்மையாகவே ஓரிடத்தில் சந்தித்துவிட்டன. பிம்பத்தின் தன்மையைத் தீர்மானிப்பது இதுதான். லென்ஸைக் கடந்த கதிர்கள் ஒன்றையொன்று நெருங்கிப் போனால் பிம்பம் மெய்யானது. அங்கே ஒளி நிஜமாகவே வந்து கூடுகிறது. அந்த இடத்தில் தாளைப் பிடித்தால் பிம்பம் அதில் விழும். தாள் இல்லாவிட்டாலும் பிம்பம் அங்கேதான் இருக்கும். லென்ஸைப் பார்த்தபடி இன்னும் சற்றுப் பின்னால் நின்று கண்ணை வைத்தால், காற்றில் அந்தரத்தில் நிற்கும் அந்தத் தலைகீழ்ப் பிம்பத்தைப் பார்க்கலாம்.

‘தாளை எடுத்தால் பிம்பமும் போய்விடும்’ என்ற நினைப்பு பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதல்ல. இயற்பியல் கல்வி ஆய்வாளர்களான ஃபிரெட் கோல்ட்பெர்க்கும் லிலியன் மெக்டெர்மட்டும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் ஒரு பல்பு, ஒரு குவிலென்ஸ், ஒரு திரை ஆகிய மூன்றையும் வைத்துக் கேள்வி கேட்டார்கள். 1987-இல் அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் ஃபிசிக்ஸ் இதழில் அந்த ஆய்வு வெளியானது. லென்ஸை எடுத்துவிட்டால் திரையில் என்ன தெரியும்? திரையை நகர்த்தினால்? லென்ஸின் பாதியை அட்டையால் மறைத்தால்? பாடத்தைப் படித்து முடித்தவர்களே இவற்றில் தடுக்கி விழுந்தார்கள். குறிப்பாகக் கடைசிக் கேள்விக்கு, பாதிப் பிம்பம் காணாமல் போகும் என்பது பலரின் பதில்.

அவர்கள் அப்படிச் சொன்னதற்குக் கதிர்ப்படமும் ஒரு காரணம் என்றே சொல்ல வேண்டும். மேல் பாதியை மூடினால், படத்தில் இணையாக வரும் கதிர் அடைபட்டுப் போகிறது. ஒரு கோடு போனால் சந்திப்பு ஏது என்று மனம் கேட்கிறது. ஆனால் நாம் வரைந்தவை எண்ணற்ற கதிர்களில் நமக்கு வழி தெரிந்த இரண்டே இரண்டு. மேல் பாதியை மூடினாலும் நுனியிலிருந்து கிளம்பிய மற்றக் கதிர்கள் கீழ்ப் பாதி வழியாக அதே புள்ளிக்கு வந்து சேர்கின்றன. பிம்பம் முழுதாகவே இருக்கும். ஒளி பாதியாகிவிடுவதால் மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான். ஒரு மெழுகுவத்தியும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் இருந்தால் வீட்டுச் சுவரிலேயே இதைச் செய்து பார்க்கலாம்.

இன்னும் ஒரு படி போகலாம். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் இருநூறு அடிக்கு மேல் உயரம். அதற்கு எதிரே நின்று செல்பேசியில் படம் எடுக்கிறார் ஒருவர். விமானத்தின் உச்சியிலிருந்து அச்சுக்கு இணையாக வரும் கதிர் எங்கே போகும்? அவர் தலைக்கு மேலே பல மாடி உயரத்தில் பறந்துபோய்விடும். கேமராவின் சின்னஞ்சிறு லென்ஸை அது தொடவே தொடாது. அப்படியிருந்தும் உச்சியின் பிம்பம் கச்சிதமாக விழுகிறது. அதனால்தான் பயிற்சித்தாளில் பொருள் லென்ஸைவிட உயரமாக இருந்தால், லென்ஸ் கோட்டை மேலும் கீழும் நீட்டிக்கொள்ளலாம் என்கிறோம். அந்தக் கதிர் நிஜத்தில் லென்ஸில் படாமல் போகலாம். மற்றக் கதிர்கள் சேரும் இடத்தை அது சரியாகக் காட்டிக்கொடுக்கும்.

இனி இரண்டாவது விடை. அதே தாள், அதே லென்ஸ். பொருளை மட்டும் 5 செ.மீ.க்கு, தாளில் 1 செ.மீ.க்குக் கொண்டுவருவோம். F-க்கும் லென்ஸுக்கும் இடையில் அது வந்துவிட்டது. இணையான கதிர் முன்போலவே வலப்பக்க F வழியாக இறங்குகிறது. மையக் கதிர் நேராகப் போகிறது; இந்த முறை அதன் சரிவு இன்னும் செங்குத்து. வலப்பக்கம் எவ்வளவு தூரம் நீட்டினாலும் இரண்டும் விலகிக்கொண்டே போகின்றன. சந்திக்கவே இல்லை.

இந்த இடத்தில்தான் சிலர் ஸ்கேலைக் கொஞ்சம் சாய்த்து, கோட்டைக் கொஞ்சம் வளைத்து, எப்படியாவது வலப்பக்கத்தில் ஒரு சந்திப்பை உண்டாக்கிவிடுவார்கள். தேவையில்லை. விலகிப்போகும் அந்த இரண்டு கதிர்களும் ஒருவருடைய கண்ணில் விழுவதாக நினைத்துக்கொள்ள வேண்டும். நடுவில் லென்ஸ் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. வந்த ஒளி நேர்கோட்டில்தான் வந்திருக்கும் என்று நம்பி, அது கிளம்பிய இடத்தைப் பின்னோக்கித் தேடும். நாமும் அதைத்தான் செய்ய வேண்டும். வலப்பக்கக் கோடுகளை லென்ஸுக்கு இடப்பக்கமாகப் புள்ளிக்கோட்டால் பின்னோக்கி நீட்டினால், இடப்பக்கம் 2 செ.மீ.யில், அச்சுக்கு 4 செ.மீ. மேலே அவை வெட்டிக்கொள்ளும். அளவுத்திட்டப்படி லென்ஸிலிருந்து 10 செ.மீ., பொருள் இருக்கும் அதே பக்கம். இரு மடங்கு உயரம், நேராக நிற்கிறது. அந்த இடத்தில் ஒளி ஏதும் கூடவில்லை. அங்கே தாளை வைத்தால் வெறும் தாள்தான். இது மாய பிம்பம். உருப்பெருக்கிக் கண்ணாடியால் தாத்தா பஞ்சாங்கம் படிப்பது இதைக்கொண்டுதான்.

புள்ளிக்கோடு என்பது ஒளி போகாத வழி, முழுக்கோடு ஒளி போகும் வழி. முழுக்கோட்டில் அம்புக்குறி போட வேண்டும், புள்ளிக்கோட்டில் கூடாது. மதிப்பெண்ணுக்காகச் சொல்லப்படும் சடங்கு போலத் தோன்றினாலும், படத்தின் அர்த்தமே இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. புள்ளிக்கோடுகள் சந்தித்தால் மாயம், முழுக்கோடுகள் சந்தித்தால் மெய்.

15-க்கும் 5-க்கும் நடுவில் சரியாக 10 இருக்கிறது, அதுதான் F. இரண்டு விடைகளும் F-க்கு இருபுறமும் சம தூரத்தில் நிற்பது தற்செயல் அல்ல. மும்மடங்கு பிம்பம் கேட்டாலும் இப்படித்தான் இரண்டு இடங்கள் வரும், ஆனால் F-ஐ இன்னும் நெருங்கியிருக்கும். பொருள் F-ஐ நெருங்க நெருங்க பிம்பம் பெரிதாகிக்கொண்டே, விலகிக்கொண்டே போகும். சரியாக F-இல் நின்றால் வெளியேறும் கதிர்கள் ஒன்றுக்கொன்று இணை. முன்னாலும் சந்திக்காது, பின்னாலும் சந்திக்காது. அட்டவணை அதை ‘ஈறிலாத் தொலைவில்’ என்று நாகரிகமாகச் சொல்லிவிடுகிறது. படம் வரைகிறவர் அங்கே பிம்பம் என்று எதையும் வரையக் கூடாது. ஆறு வரிசை அட்டவணையில் முக்கியமான எல்லை இந்த F ஒன்றுதான். பொருள் அதற்கு வெளியே என்றால் மெய், உள்ளே என்றால் மாயம். 2F என்ற எல்லை பிம்பம் பெரிதா சிறிதா என்பதை மட்டும் சொல்லும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. சில பயிற்சித்தாள்களில் லென்ஸ் படத்திலும் 2F இருக்கும் இடத்தில் வளைவு மையத்தைக் குறிக்கும் C-யைப் போட்டிருப்பார்கள். ஆடிக்கு அது சரி; வளைவு ஆரம் குவியத் தொலைவின் இரு மடங்கு. லென்ஸுக்கு அப்படி இல்லை. ஒளிவிலகல் எண் 1.5 உள்ள கண்ணாடியில் இருபுறமும் ஒரே அளவு வளைந்த மெல்லிய லென்ஸைச் செய்தால், அதன் வளைவு மையம் F இருக்கும் இடத்திலேயே வந்து விழும். லென்ஸ் படத்தில் 2F என்றே எழுதுவது நல்லது.

ஆடிகளுக்கு வருவோம். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் ஆடிகள் ஒன்பதாம் வகுப்பிலும் லென்ஸ்கள் பத்தாம் வகுப்பிலும் வருவதால், இரண்டும் இரண்டு தனிப் பாடங்கள் என்றே பிள்ளைகள் நினைக்கிறார்கள். போதாக்குறைக்குப் பெயர்கள் வேறு குழப்புகின்றன. குவிலென்ஸ் ஒளியைக் குவிக்கும். குவியாடி குவிக்காது, விரிக்கும்! குழியாடிதான் குவிக்கும். ‘குவி’ என்பது இங்கே கண்ணாடியின் வடிவத்தைச் சொல்கிறது, அது செய்யும் வேலையை அல்ல. பெயரை நம்பிக் கதிரை வளைத்தவர்கள் எத்தனை பேர் என்று விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்களைத்தான் கேட்க வேண்டும். இலங்கைப் பாடநூல்களில் லென்ஸை வில்லை என்றும் பிம்பத்தை விம்பம் என்றும் எழுதுவார்கள். குவிவு வில்லை, குவிவாடி என்று வடிவம் கொஞ்சம் துலக்கமாகத் தெரியும்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு கைவைத்தியம் உண்டு. 15 செ.மீ. படத்தை டிரேசிங் தாளில் வரைந்து, லென்ஸ் கோட்டின் மேல் மடிப்பு விழும்படி வலப்பாதியை இடப்பாதியின் பின்னால் மடிக்க வேண்டும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் தெரிவது குழியாடியின் கதிர்ப்படம். வலப்பக்க F இடப்பக்க F மேல் வந்து உட்கார்ந்துவிட்டது. இணையாக வந்த கதிர் மடிப்பில் பட்டுத் திரும்பி F வழியாகப் போகிறது. நேராகக் கடந்த மையக் கதிர், இப்போது ஆடி மையத்தில் பட்டு, அச்சுக்கு மேலே எந்தக் கோணத்தில் வந்ததோ அதே கோணத்தில் கீழே திரும்புகிறது. எதிரொளிப்பு விதி அதுதானே. பிம்பம் ஆடிக்கு முன்னால் 30 செ.மீ.யில், தலைகீழாக, இரு மடங்காக நிற்கிறது. ஆடி என்பது ஒளியை முன்பக்கமே திருப்பி அனுப்பும் லென்ஸ் என்று வைத்துக்கொண்டால் கணக்கில் எதுவும் மாறுவதில்லை.

மாய பிம்பத்துக்கும் இதே மடிப்பு வேலை செய்யும். லென்ஸைக் கடந்த முழுக்கோடு ஆடியில் முன்பக்கம் திரும்பிவிடுகிறது. அதன் வால் போன்ற புள்ளிக்கோடு தானாகவே ஆடிக்குப் பின்பக்கம் போய்விடும். சவரக் கண்ணாடியின் குவியத் தொலைவை விடக் கிட்டத்தில் முகத்தை வைத்தால், கண்ணாடிக்குப் பின்னால் பெரிதாக நேராகத் தெரியும் முகம் அங்கிருந்துதான் வருகிறது. குழிலென்ஸ் படத்தை மடித்தால் குவியாடி கிடைக்கும். நான்கு படங்களை மனப்பாடம் செய்ய வேண்டிய இடத்தில் இரண்டு போதும்.

ஆடி படத்தில் அக்கறையுள்ள மாணவருக்கே நேரும் ஒரு தொல்லை உண்டு. காம்பஸை எடுத்து 10 செ.மீ. ஆரத்தில் அழகாக வில் போடுகிறார். F ஆடியிலிருந்து 5 செ.மீ.யில். அச்சுக்கு 5 செ.மீ. மேலே ஒரு இணைக்கதிரை அனுப்பி, பாகைமானியை வைத்து எதிரொளிப்புக் கோணத்தைத் துல்லியமாக அளந்து வரைகிறார். கதிர் F வழியாகப் போகவில்லை! ஆடியிலிருந்து 4.2 செ.மீ.யிலேயே அச்சை வெட்டிவிடுகிறது. தப்பு எங்கே என்று தேடித் தேடி அழிரப்பர் தேய்ந்ததுதான் மிச்சம். தப்பு அவருடையது அல்ல. இணைக்கதிர் F வழியாகப் போகும் என்ற விதி, அச்சுக்கு அருகில் வரும் கதிர்களுக்குத்தான் பொருந்தும். அதே கதிரை அச்சுக்கு 1 செ.மீ. மேலே அனுப்பியிருந்தால் F-இலிருந்து கால் மில்லிமீட்டர்தான் விலகியிருக்கும். பென்சில் முனையின் தடிமனில் அது மறைந்துவிடும். அதனால்தான் கதிர்ப்படத்தில் ஆடியையும் செங்குத்து நேர்கோடாக வரைந்து, இரு முனையையும் மட்டும் லேசாக வளைத்துக் காட்டுவது வழக்கம்.

விலகிப்போகும் அந்தக் கதிர்களைக் கண்ணாலேயே பார்க்கலாம். காலை வெயில் சாய்வாக விழும் இடத்தில் எவர்சில்வர் டம்ளரில் பால் விட்ட காபியை வைத்தால், அதன் மேற்பரப்பில் பளபளவென்று இரண்டு வளைகோடுகள் ஓடிவந்து ஒரு கூர்முனையில் சேரும். டம்ளரின் உட்சுவர் அங்கே குழியாடியாக வேலை செய்கிறது. அந்தக் கூர்முனை, சுவருக்கும் டம்ளரின் நடுவுக்கும் பாதி வழியில் நிற்கும். அதுதான் F. இருபுறமும் சுவரை நோக்கி ஓடும் வளைகோடுகள், F-ஐத் தவறவிட்ட கதிர்களின் தடம்.

குவியாடியிலும் குழிலென்ஸிலும் தீர்மானிக்க வேண்டியது குறைவு. எதிரே இருக்கும் பொருள் எந்தத் தூரத்தில் இருந்தாலும் கதிர்கள் விரிந்தே போகும். பிம்பம் எப்போதும் மாயம், நேரானது, சிறியது. ஆனாலும் ஓர் இடம் கவனிக்கத்தக்கது. காரின் பக்கக் கண்ணாடியில், தெரிவதைவிடப் பொருள்கள் அருகில் இருக்கின்றன என்று ஆங்கிலத்தில் பொறித்திருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அதைப் படித்தவர்கள் பிம்பம் தொலைவில் உருவாகிறது என்று எண்ணிக்கொள்கிறார்கள். கணக்கு வேறு சொல்கிறது. 60 செ.மீ. குவியத் தொலைவு உள்ள ஒரு குவியாடியை எடுத்துக்கொள்வோம். பின்னால் 12 மீட்டரில் ஒன்றரை மீட்டர் உயரமுள்ள கார் வருகிறது. அதன் பிம்பம் கண்ணாடிக்குப் பின்னால் வெறும் 57 செ.மீ.யில், சுமார் 7 செ.மீ. உயரத்தில் நிற்கிறது. சமதளக் கண்ணாடியாக இருந்தால் பிம்பம் 12 மீட்டர் பின்னால் இருந்திருக்கும். பிம்பம் கிட்டத்தில்தான் இருக்கிறது. அது சிறுத்துப்போயிருப்பதால், கார் என்றால் இவ்வளவு பெரிது என்று பழகிய மூளை அதைத் தூரத்தில் இருப்பதாக முடிவு செய்துவிடுகிறது. பிம்பத்தின் இடத்தையும் அளவையும் பயிற்சித்தாள் தனித்தனியாகக் கேட்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

படம் முடிந்ததும் சமன்பாட்டில் போட்டுச் சரிபார்க்கச் சொல்வார்கள். அங்கேயும் ஒரு வழுக்கல் உண்டு. நம் பாடநூல்கள் பின்பற்றும் கார்ட்டீசியன் மரபில் ஒளி போகும் திசையில் அளந்தால் நேர்க்குறி, எதிர்த்திசையில் அளந்தால் எதிர்க்குறி. பொருள் இடப்பக்கம் இருப்பதால் u = −15. குவிலென்ஸுக்கு f = +10. லென்ஸ் சமன்பாடு இப்படி விடை தரும்:

1/v = 1/f + 1/u = 1/10 − 1/15 = 1/30

v = +30, m = v/u = −2. குழியாடிக்கு f = −10. ஆடிச் சமன்பாட்டில் u-வின் குறி மாறி நிற்கும்:

1/v = 1/f − 1/u = −1/10 + 1/15 = −1/30

v = −30, m = −v/u = −2. ஒரே மெய் பிம்பம்தான். லென்ஸில் v நேர்க்குறி, ஆடியில் எதிர்க்குறி. ‘v எதிர்க்குறி என்றால் மாயம்’ என்று லென்ஸ் பாடத்தில் மனப்பாடம் செய்ததை ஆடிக்கும் கொண்டுபோனவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். வெளிநாட்டுப் பயிற்சித்தாள்கள் சிலவற்றில் மெய் பிம்பத்தின் தொலைவு எப்போதும் நேர்க்குறி என்ற வேறு மரபு இருக்கும். இரண்டையும் கலந்தால் விடை கோணலாகிவிடும். நம் மரபில் v-யைவிட m-ஐ நம்பலாம். m எதிர்க்குறி என்றால் தலைகீழ். தலைகீழ் என்றால் மெய். 5 செ.மீ. கணக்கில் v = −10, m = +2; நேரானது, அதனால் மாயம். ஒற்றை லென்ஸ் அல்லது ஒற்றை ஆடியின் எதிரே உண்மையான பொருள் இருக்கும்வரை மெய்யும் தலைகீழும் பிரியாது, மாயமும் நேரும் பிரியாது. ‘மெய்யானது, நேரானது’ என்று எழுதிய விடையைப் படம் பார்க்காமலேயே தப்பு என்று சொல்லிவிடலாம். இரண்டு லென்ஸ்களை வரிசையாக வைத்தால் இந்த உறுதி கிடையாது. அங்கே முதல் லென்ஸின் பிம்பத்தை இரண்டாவது லென்ஸுக்குப் பொருளாக வைத்து மறுபடி வரைய வேண்டும்.

கிராஃப் தாளை எடுத்து வைத்துவிட்டு வீட்டில் உள்ள மூக்குக் கண்ணாடிகளையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பகலில், ஜன்னலுக்கு எதிரே உள்ள சுவருக்கு அருகில் கண்ணாடியைப் பிடித்து முன்னும் பின்னுமாக நகர்த்த வேண்டும். பாட்டி பேப்பர் படிக்கப் போடும் கண்ணாடியின் பவர் +2 என்றால், சுவரிலிருந்து அரை மீட்டரைத் தாண்டியதும் ஜன்னல் கம்பியும் வெளியே நிற்கும் மரமும் தலைகீழாகச் சுவரில் விழும். கரும்பலகை தெரியவில்லை என்று பள்ளிப் பிள்ளைக்குப் போட்ட கண்ணாடியை எவ்வளவு நகர்த்தினாலும் சுவரில் வெறும் நிழல்தான் விழும். முதலாவது குவிலென்ஸ், இரண்டாவது குழிலென்ஸ்.